மாடித் தொட்டிக்கு ஒரு மணி: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஆர்டுயினோ வேண்டும் என்கிறாள். மாடித் தொட்டி நிரம்பியதும் சத்தம் போடுகிற கருவி ஒன்றைச் செய்து பழகலாம் என்று நினைக்கிறோம். 37 சென்சார் இருக்கும் கிட் வாங்கவா, தனித்தனியாக வாங்கவா? தொட்டி நிரம்பினால் மோட்டாரையும் அதுவே நிறுத்தும்படி செய்யலாமா?
— ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: கிட் வேண்டாம். அந்தப் பெட்டியில் இருக்கும் சென்சார்களில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டில் வேலை இருக்காது. தொட்டிக்குத் தேவையான மிதவை சுவிட்ச் பெரும்பாலும் அதில் இருப்பதும் இல்லை.

போர்டுக்கு ஆர்டுயினோ உனோவின் குளோன் போதும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அசலைவிடப் பல மடங்கு மலிவு, இந்த வேலைக்கு எந்தக் குறையும் இல்லை. யூஎஸ்பி இணைப்புக்கு மட்டும் வேறு சிப் போட்டிருப்பார்கள். கணினியில் செருகியதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் `USB-SERIAL CH340` என்று தெரிய வேண்டும். மஞ்சள் குறியோடு தெரிந்தால் டிரைவர் போட வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால் போர்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற, டேட்டா வயர் இல்லாத கேபிள்கள் நிறைய புழங்குகின்றன. அதில் போர்டின் விளக்கு எரியும், ஆனால் கணினிக்குப் போர்டு வந்ததே தெரியாது.

அடுத்து சென்சார். கடையில் தொட்டி என்று சொன்னதும் இரண்டு கண் வைத்த அல்ட்ராசோனிக் சென்சாரைக் கையில் கொடுத்துவிடக்கூடும். மேஜைமேல் வாளியை வைத்து அளந்து பழக அது நல்ல பொருள்தான். தொட்டி மூடிக்கடியில் மாட்டினால் நீராவி அந்தத் திறந்த கண்களில் படிந்து துருப்பிடிக்க வைக்கும், அளவும் தாறுமாறாகும். நீர்புகாத ஒற்றைக் கண் வகையும் உண்டு. அதற்கு வேறு சிக்கல்: சுமார் 20 முதல் 25 செ.மீ.க்குள் வருவதை அதனால் அளக்க முடியாது. தொட்டி நிரம்பும் அந்தக் கடைசிச் சாண் உயரம்தானே உங்களுக்கு முக்கியம்?

அதனால் சின்ன பிளாஸ்டிக் மிதவை சுவிட்ச் வாங்குங்கள். தண்டுக்குள் காந்தம் அருகே வந்தால் சேருகிற ஒரு ரீட் சுவிட்ச், அதைச் சுற்றி ஏறி இறங்கும் மிதவைக்குள் ஒரு காந்தம், வெளியே இரண்டு வயர், அவ்வளவுதான். மோட்டாருக்கு நேரடியாகப் போடும் 230 வோல்ட் பந்து சுவிட்ச் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். கடையிலேயே மல்டிமீட்டரில் வைத்து மிதவையை ஏற்றி இறக்கி, இணைப்பு வந்து போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதை மாட்டும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். நிரம்பியதும் இணைப்பு சேரும்படி வைத்தால், எலி வயரைக் கடித்த அன்று கருவி சத்தமில்லாமல் இருக்கும். தொட்டி வழிந்த பிறகுதான் விஷயம் தெரியும். மாறாக, மிதவை கீழே தொங்கும்போது சேர்ந்திருந்து, மேலே எழுந்தால் விடுபடும்படி வைத்தால், வயர் அறுந்தாலும் மணி அடிக்கும். அதுதான் சரி. வாங்கிய சுவிட்ச் எதிர்மாறாக வேலை செய்தால், தண்டின் நுனியில் உள்ள கிளிப்பைக் கழற்றி, மிதவையைத் தலைகீழாகப் போட்டு மாட்டினால் மாறிவிடும்.

பஸ்ஸரில் ஆக்டிவ், பாஸிவ் என்று இரண்டு வகை. 5 வோல்ட் கொடுத்ததும் தானாகக் கத்துவது ஆக்டிவ், அதுதான் வேண்டும். பாஸிவ் 'டிக்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு நின்றுவிடும். போர்டின் பின்னில் சின்ன பஸ்ஸரை மட்டும் நேரடியாக மாட்டலாம். பெரிய சைரனை மாட்டினால் பின் போய்விடும்.

சுவிட்சின் ஒரு வயர் 2ஆம் பின்னுக்கு, மற்றது `GND`க்கு. பஸ்ஸரின் பிளஸ் 8ஆம் பின்னுக்கு, மைனஸ் `GND`க்கு.

```
const int FLOAT_PIN = 2;
const int BUZZER = 8;
unsigned long since = 0;

void setup() {
  pinMode(FLOAT_PIN, INPUT_PULLUP);
  pinMode(BUZZER, OUTPUT);
}

void loop() {
  if (digitalRead(FLOAT_PIN) == LOW) since = millis();
  bool full = (millis() - since > 3000);
  digitalWrite(BUZZER, full ? HIGH : LOW);
}
```

தண்ணீர் விழும் வேகத்தில் மிதவை ஆடும். அதற்காகத்தான் தொடர்ந்து 3 விநாடி இணைப்பு விடுபட்டிருந்தால் மட்டும் மணி அடிக்கும்படி எழுதியிருக்கிறது.

மேஜைமேல் அழகாக வேலை செய்த இந்தச் சர்க்யூட் மாடிக்குப் போனதும் ஒரு வினோதம் காட்டலாம். மோட்டார் ஓடும்வரை தொட்டி நிரம்பினாலும் மணி அடிக்காது, மோட்டாரை நிறுத்தினால் அடிக்கும். காரணம், பத்துப் பதினைந்து மீட்டர் வயர் பக்கத்திலுள்ள மோட்டார் வயரிலிருந்து மின் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. `INPUT_PULLUP` பின்னை 5 வோல்ட்டோடு பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். இவ்வளவு நீள வயருக்கு அந்தப் பிடி போதாது. 2ஆம் பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சென்சார் வயரை மோட்டார் வயர் போகும் அதே பைப்பில் விடாதீர்கள். போர்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் அதற்குப் போதும். மாடிக்குப் போவது வெறும் இரண்டு வயர்தான்.

மோட்டாரை நிறுத்துவது இப்போதைக்கு வேண்டாம். மலிவான ரிலே மாட்யூலில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது அதற்குள்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதில் ரிலேவின் முனைகள் பொறி தட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். அப்போது புரோகிராம் 'நிறுத்து' என்றாலும் மோட்டார் நிற்காது. அதற்கு மோட்டாரின் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் வைத்து எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். 230 வோல்ட் பக்கம் பள்ளிப் பிள்ளையின் கை போகக் கூடாது.

ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேறு நாளில் போங்கள். முடிந்தால் லேப்டாப்பையும் எடுத்துப் போய், போர்டில் விளக்கை மினுக்கும் `Blink` புரோகிராமை ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சின்ன சாமான்தானே என்று விடாமல் பில் கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. ஆனால் இது குறையுள்ள பொருளுக்குத்தான். வயரை மாற்றிக் கொடுத்து நீங்களே எரித்த போர்டுக்குப் பொருந்தாது. கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம்.