நான்காம் வகுப்புப் பையனுக்குத் தமிழ் வாசிப்பு: அரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: என் அக்கா மகன் நாலாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் தடுமாறுகிறான். தினமும் அரை மணி நேரம் அவனோடு உட்கார என்னால் முடியும். அதை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்:

அரை மணி நேரம் போதுமானது. ஆனால் அந்த அரை மணி நேரத்தின் வரிசை எந்த நாளும் மாறக் கூடாது; அதற்குள் வரும் எழுத்தும் சொல்லும் பத்தியும் மட்டுமே மாற வேண்டும். அடுத்து என்ன செய்யச் சொல்வார்களோ என்ற யோசனை இல்லாவிட்டால், பையனின் கவனம் முழுவதும் எழுத்தின் மேல் இருக்கும். உங்களுக்கும் நாளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று தேட வேண்டியிருக்காது, ஏனெனில் இன்று அவன் செய்த பிழைகளே நாளைய பாடத்தைத் தீர்மானித்துவிடும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து, பின்தங்கிய பிள்ளைகளோடு தனித்தனியாக உட்காரும்போது நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: முதல் ஐந்து நிமிடம் நேற்றைய பத்தி, பிறகு ஆறு நிமிடம் எழுத்து அட்டைகள், ஏழு நிமிடம் சொல்வதெழுதுதல், பத்து நிமிடம் புதிய பத்தி, கடைசி இரண்டு நிமிடம் படித்ததைப் பற்றிய பேச்சு. நியூசிலாந்தில் மேரி கிளே என்பவர் 1970களில் வகுத்த அரை மணி நேரத் தனிப்பாட முறையிலிருந்துதான் இதன் சட்டகத்தையும், பிள்ளை வாசிக்கும்போதே பிழைகளைக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். அந்த முறையில், தெரியாத சொல்லைப் படத்தையும் கதையின் போக்கையும் வைத்து ஊகிக்கப் பிள்ளைகளை விட்டார்கள். அதற்காக அது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்தப் பகுதியை நான் விட்டுவிட்டேன். எழுத்து ஏறக்குறைய ஒலிப்படியே அமைந்த தமிழில் ஊகம் தேவையுமில்லை.

முதல் நாள் பாடம் எதுவும் வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களிலிருந்து சிறு பத்திகளை எடுத்துக்கொண்டு, உதவி செய்யாமல் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் அதே பத்தியின் நகல் இருக்க வேண்டும். தவறாக வாசித்த சொல்லின் மேல், அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நூறு சொற்களில் பத்துக்கு மேல் தவறினால் அந்தப் பத்தி இப்போதைக்குக் கடினம். ஐந்துக்கும் குறைவாகத் தவறினால் அதில் கற்க அதிகமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டதே பாடத்துக்கு ஏற்றது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பத்தியில் நிற்பதைப் பார்த்துப் பெரியவர்களுக்குத்தான் மனம் சங்கடப்படும். பிள்ளைக்குச் சங்கடம் வராமலிருக்க, புத்தகத்தைக் காட்டாமல் பத்தியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

இந்தக் குறிப்பெடுத்தல்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் ஒரு பத்தியை வைத்தே விளக்குகிறேன். "கோமதி தோட்டத்தில் ஒரு செடி நட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள். செடி பெரிதாக வளர்ந்தது. அதில் ஒரு மொட்டு வந்தது. கோமதி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா மொட்டைத் தொடாதே என்றார். மறுநாள் காலையில் மொட்டு அழகான வெள்ளைப் பூவாக மலர்ந்திருந்தது." இதில் முப்பது சொற்கள் இருக்கின்றன. உங்கள் அக்கா மகனைப் போன்ற ஒரு பையன் இதை வாசிக்கும்போது "கொமதி" என்று தொடங்கி உடனே "கோமதி" என்று தானே திருத்திக்கொள்கிறான். தோட்டத்தில் என்பதை "தொட்டத்தில்" என்றும், முதலில் வரும் செடியை "சேடி" என்றும், நட்டாள் என்பதை "நடாள்" என்றும், முதலில் வரும் மொட்டை "மோட்டு" என்றும், தொடாதே என்பதை "தோடாதே" என்றும் வாசிக்கிறான். என்றார் என்ற இடத்தில் "சொன்னாங்க" என்கிறான்.

தானே திருத்திக்கொண்டதைப் பிழையாக எண்ணக் கூடாது; அவன் தன் வாசிப்பைக் கவனிக்கிறான் என்பதற்கு அது நல்ல அடையாளம். "சொன்னாங்க" என்பதும் வேறு வகையைச் சேர்ந்தது. பொருள் புரிந்து, எழுத்து வழக்கைத் தன் பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லைக் காட்டி மறுபடி வாசிக்க வைத்தால் போதும், அதற்காகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மீதம் ஐந்து பிழைகள். முப்பதில் ஐந்து என்றால் ஆறு சொல்லுக்கு ஒரு பிழை, ஆகவே இந்தப் பத்தி அவனுக்குச் சற்றுக் கடினம். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமான செய்தி பிழைகளின் வகையில் இருக்கிறது. ஐந்தில் நான்கு, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பதில் நேர்ந்தவை. ஒன்று மட்டும் புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டிச் சென்றது. எனவே அடுத்து வரும் நாட்களுக்குப் பாடம் கொம்பு மட்டுமே. புள்ளி காத்திருக்கட்டும், இரண்டையும் சேர்த்து எடுத்தால் எதுவும் நிலைக்காது.

கொம்பில் இத்தனை பிள்ளைகள் இடறுவதற்குக் காரணம் இருக்கிறது. "கெ" என்று எழுதும்போது குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொ" என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகச் செல்லும் கண், முதலில் சந்திக்கும் குறியை என்ன செய்வதென்று தெரியாமல் உத்தேசமாக ஒரு நீளத்தை வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. 247 எழுத்துகளையும் அட்டவணை வரிசையில் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகூடச் சொல்லுக்குள் இப்படித் தடுமாறுவதைப் பார்க்கலாம். ஒப்பிக்கும்போது உதவுவது வரிசையின் நினைவுதானே.

ஆகவே எழுத்து அட்டை நேரத்தில் முழு உயிர்மெய்யை அட்டையில் எழுதாமல், க, த, ப, ம, ச போன்ற எழுத்துகளைத் தனி அட்டைகளிலும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றைத் தனி அட்டைகளிலும் எழுதிக்கொள்ளுங்கள். "கொடி" என்று நீங்கள் சொல்ல, அவன் அட்டைகளை அடுக்க வேண்டும். அடுத்து "கோடி" என்கிறீர்கள். இப்போது எந்த அட்டை மாற வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். கொம்பு மட்டும் மாறுகிறது, துணைக்கால் அப்படியே இருக்கிறது என்பதை அவன் கை உணர்ந்துகொள்வதுதான் இந்த ஆறு நிமிடத்தின் நோக்கம். கொடு, கோடு, தொடு, தோடு, பொது, போது, கொட்டை, கோட்டை, கெட்டான், கேட்டான் என்று இணைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஒரு நாளைக்கு நான்கு இணைகளுக்கு மேல் வேண்டாம்.

அதே சொற்களே சொல்வதெழுதுதலுக்கும் வர வேண்டும், ஆனால் இணைகளாக வராமல் கலந்து வர வேண்டும். ஆறு சொற்களும் இறுதியில் ஒரு சிறு வாக்கியமும் போதும்: "கோட்டையில் ஒரு கொடி பறந்தது." எழுதும் முன் சொல்லை அவன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும், எழுதிய பின் விரல் வைத்து வாசிக்க வேண்டும். தவறாக எழுதியிருந்தால் அடித்துச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். "நீ எழுதியதை வாசி" என்று சொல்லுங்கள். "கோடி" என்று எழுதிவிட்டு "கொடி" என்று வாசித்தால், இரட்டைக்கொம்பின் மேல் விரலை வைத்து மட்டும் காட்டுங்கள்.

புதிய பத்தி பத்து நிமிடம். இதில் உங்கள் வேலை பெரும்பாலும் வாய் மூடி இருப்பது. அவன் ஒரு சொல்லில் நின்றால் மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை காத்திருங்கள். பிறகு, இடறிய எழுத்தை மட்டும் சுட்டுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு, வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் "எழுத்துக் கூட்டிப் படி" என்பதில் ஒரு சிக்கல் உண்டு. "பகல்" என்பதை ப, க, ல் என்று தனித்தனியாகக் கூட்டும்போது நடுவில் வரும் ககரம் வல்லொலியாகவே ஒலிக்கும்; அந்த ஒலியில் தனக்குத் தெரிந்த சொல்லைப் பிள்ளையால் அடையாளம் காண முடிவதில்லை. அதனால் எழுத்துக் கூட்டி முடித்தவுடன், "இதை நாம் பேசும்போது எப்படிச் சொல்வோம்?" என்று கேட்டு முழுச் சொல்லாகச் சொல்ல வையுங்கள். இந்த ஒரு கேள்வி பல தடுமாற்றங்களைத் தீர்த்துவிடும்.

கடைசி இரண்டு நிமிடத்தில் தேர்வுக் கேள்விகள் வேண்டாம். "கோமதி ஏன் அம்மாவைக் கூப்பிட்டாள்?" என்பதுபோல ஒரே ஒரு கேள்வி, அதுவும் பேச்சுத் தமிழில். அவன் பதிலும் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும்.

இன்றைய புதிய பத்திதான் நாளைய முதல் ஐந்து நிமிடத்துக்குரியது. ஒரே பத்தியை மூன்று நாள் வரை தொடக்கத்தில் வாசிக்கலாம். அதற்குமேல் போனால் மனப்பாடம் ஆகிவிடும். மனப்பாடமா வாசிப்பா என்று சந்தேகம் வந்தால் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சொல்லைச் சுட்டி என்னவென்று கேளுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும் பிள்ளை, நிச்சயம் நினைவிலிருந்துதான் சொல்கிறது. பத்திகள் தீர்ந்துபோனால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையிலிருந்து தொடங்கலாம்.

கொம்புப் பாடத்தை எப்போது முடிப்பது? அதுவரை பார்த்திராத பத்திகளில், மூன்று நாள் தொடர்ந்து கொம்புப் பிழை ஒன்றுக்கு மேல் வராவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். மேலே சொன்ன பையனுக்கு அது புள்ளியாக இருக்கும்: நடான், நட்டான் போல அல்லாமல் பொருளுள்ள இணைகளாகவே எடுங்கள், படம், பட்டம், பாடு, பாட்டு, வீடு, வீட்டு, ஆடு, ஆட்டு என்று. கொம்பு இணைகளில் ஒன்றிரண்டை மட்டும் சொல்வதெழுதுதலில் தொடர்ந்து வைத்திருங்கள். ர, ற வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் இப்போது தொடாதீர்கள். அவை பெரும்பாலும் எழுதும்போது வரும் பிழைகள். வாசிப்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

இந்த வரிசை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. உயிரெழுத்துகளையே அடையாளம் காணாத பிள்ளைக்குப் பத்தி வாசிப்பு பயன் தராது, அங்கே எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். சரளமாக வாசித்தும் பொருள் புரியாத பிள்ளைக்கு வேறு பாடம் தேவை. வாரத்தில் ஐந்து நாள் என்று இரண்டு மாதம் உட்கார்ந்தும், நேற்று தெரிந்த அதே எழுத்து இன்று முற்றிலும் தெரியாமல் போவது தொடர்ந்தால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவற்றில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் வகுப்பாசிரியர் வழியாகக் கேட்கலாம். அப்போது நீங்கள் தேதியிட்டு எழுதிவைத்த பிழைக் குறிப்புகளை எடுத்துச் செல்லுங்கள். "சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறான்" என்று நீங்கள் சொல்வதைவிட, எந்தச் சொல்லை எப்படி வாசித்தான் என்ற அந்தத் தாள்களிலிருந்து அவர்களுக்கு அதிகம் தெரியவரும்.