பஜ்ஜிக் கடை அம்மாவும் மந்திரியும்

கேள்வி: மந்திரிகளைக் கார்ட்டூன் போட்டுக் கிழிக்கிறீர்கள். ஏற்காடு படகுத்துறைப் பக்கம் பஜ்ஜி விற்கும் அம்மா டூரிஸ்டுகளிடம் பேசும் இங்கிலீஷை வைத்து நான் படத்தோடு அனுப்பிய நகைச்சுவையை மட்டும் ஏன் போடவில்லை? கிண்டல் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஒன்றல்ல. உங்கள் படத்தைப் பலமுறை பார்த்தேன். முகத்தை மறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கிழிசலைத் தைத்த நீலத் தார்ப்பாய் தெரிகிறது, ஓரம் நசுங்கிய எண்ணெய்ச் சட்டி தெரிகிறது. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைக்கும் அந்தக் கை யாருடையது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நாங்கள் அச்சடித்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து, அவர் வாயைக் கிளறி அந்த இங்கிலீஷைப் பேச வைத்துச் சிரிப்பார்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டு எங்கே போவார்?

மந்திரி விஷயம் வேறு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. சட்டமன்றம் விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் வெளியே விட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்று பாருங்கள். ஜோக் போட்டவரே கொடுத்தார். உங்கள் ஜோக்குக்கு விலை கொடுக்கப்போவது நீங்கள் இல்லை, அந்த அம்மா.

நான் மேஜையில் வைத்திருக்கும் உரைகல் எளிமையானது. ஜோக்கிலிருந்து பதவியை எடுத்துவிட்டுப் படிப்பேன். விகடன் ஜோக்கில் எம்.எல்.ஏ., மந்திரி என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டால் சிரிக்க எதுவும் மிஞ்சாது. அடி முழுக்கப் பதவிமேல்தான். உங்கள் ஜோக்கில் எடுக்கப் பதவியே இல்லை. பள்ளிக்கூடம் முழுசாகப் போகாத ஒருவரின் நாக்கு தடுமாறுவது மட்டும்தான் இருக்கிறது. இதே உரைகல்லில் எங்கள் கார்ட்டூனும் தோற்றிருக்கிறது. ஓர் அரசியல்வாதி திக்கிப் பேசுவதை வைத்து வந்த படத்தைத் திருப்பி அனுப்பினேன். பதவியை எடுத்த பிறகும் அதில் சிரிப்பு மிச்சம் இருந்தது, அது அவர் உடம்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவர் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார், சட்டமன்றத்தில் என்ன சொன்னார் என்பதெல்லாம் நமக்குச் சொந்தமான விஷயம். அவர் திக்குவாய் அப்படி அல்ல.

சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட இருந்தபோது, அதில் அதிகாரிகள் பெயர் வருவதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கும் அதிகாரிக்கும் உரிமை இல்லை. தன் அரசு வேலை பற்றி வந்த எழுத்துக்காக ஓர் அதிகாரி நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், அது பொய் என்பது மட்டும் போதாது, உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார்கள் என்று காட்ட வேண்டும். சாதாரண மனிதரின் குடும்பம், கல்யாணம், சொந்த வாழ்க்கை பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது. உண்மையாக இருந்தாலும் கூடாது, புகழ்ந்து எழுதினாலும் கூடாது. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் இருந்தாலோ, அவரே வலிய வந்து பொது விவாதத்தில் இறங்கினாலோதான் விலக்கு. (அந்த சங்கர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டது நம் சேலம் மத்திய சிறையில்தான்.)

இந்த விலக்கைத்தான் நீங்கள் நீட்டிப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். தெருவில் கடை போட்டதால் அவர் பொது மனிதர்தானே என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். தெருவில் நிற்பது விவாதத்தில் இறங்குவது ஆகாது. அவர் நாளைக்குக் கவுன்சிலர் தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டால், அவர் தரும் வாக்குறுதியைக் கேலி செய்து எழுதுங்கள், போடுகிறேன். அப்போதும் இங்கிலீஷைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு எழுத நல்ல கை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன். கோடை விழாவுக்கு ஒரு பெரிய மனிதரின் கார் வரிசை வருகிறது, அதற்காகக் கீழே கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தி வைக்கிறார்கள், உள்ளே வாந்தி எடுக்கும் குழந்தையோடு ஒரு தாய் காத்திருக்கிறாள் என்றால், அந்தக் காருக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எழுதுங்கள். அவர் கோபப்பட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அது என் பெயருக்கு வரட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தை இங்கே அழித்துவிட்டோம். உங்கள் போனில் இருப்பதையும் அழித்துவிடுங்கள்.