சிகரெட்டுக்கு ரொட்டி

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள் முகாமுக்குள்ளேயே கடை நடத்தினார்களாம், சிகரெட்தான் பணமாம். கம்பி வேலிக்குள் கடைத்தெருவா? சும்மா அளக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. உண்மையென்றால், ஜெனீவா ஒப்பந்தத்தின் தயவில் கைதிகள் சுகமாகத்தானே இருந்திருக்கிறார்கள்?

பதில்: அளக்கவில்லை, நடந்ததுதான். ஆனால் சுகம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தக் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். ஜெர்மனி கொடுத்ததல்ல அது.

1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின் 11ஆம் விதி, கைதிக்குத் தரும் உணவு சிறைப்பிடித்த நாட்டின் பின்னணிப் படைவீரர்களுக்குத் தருவதற்கு நிகராக இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் தட்டில் விழுந்தது நாளுக்கு 300 கிராம் அளவு கறுப்பு ரொட்டி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, தண்ணீராக ஒரு சூப், காப்பி என்ற பெயரில் வறுத்த தானியக் கஷாயம். இதை மட்டும் நம்பி ஒருவன் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எலும்பாகிவிடுவான். மீதியை ஈடுகட்டியது செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்சல்.

பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் கட்டிய பெட்டிகள் கப்பலில் லிஸ்பனுக்கு வந்து, அங்கிருந்து மார்சேய் துறைமுகம், பிறகு ஜெனீவா, பிறகு ரயிலில் முகாம் என்று பயணப்பட்டன. ஆளுக்கு வாரம் ஒன்று என்பது கணக்கு. எடை சுமார் ஐந்து கிலோ. டின் பால், டின் மாட்டிறைச்சி, மார்கரின், ஜாம், சர்க்கரை, பிஸ்கட், சாக்லேட், தேயிலை, சோப் இதெல்லாம் உள்ளே இருக்கும். சிகரெட் தனியாக வரும். முகாமில் கைதிகளின் சார்பாகப் பேச ஒரு பிரதிநிதிக்கு ஒப்பந்தமே இடம் கொடுத்திருந்தது. அதிகாரிகள் முகாமில் மூத்த அதிகாரியே அந்த ஆள். பார்சல் பங்கீடு அவர் பொறுப்பு. காவலர்கள் பல முகாம்களில் டின்களைத் துளையிட்டுத்தான் கொடுத்தார்கள்: தப்பியோட நினைப்பவன் சேர்த்து வைக்கக் கூடாதாம். துளை விழுந்த பால் டின் எத்தனை நாள் தாங்கும்? உடனே குடிக்க வேண்டும், அல்லது உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் வியாபாரம் முளைக்கிறது. எல்லோருக்கும் ஒரே பெட்டி. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாக்கு இல்லையே. புகைக்காதவனுக்குச் சிகரெட் வீண். அவனுக்கு சாக்லேட் வேண்டும். அதிகாரிகளுக்கு முகாம் நோட்டு என்று ஒரு சம்பளம் உண்டு. அந்த நோட்டால் கேண்டீனில் வாங்கப் பெரிதாக ஒன்றுமில்லாததால், சூதாட்டக் கடனைத் தீர்க்கத்தான் அது பயன்பட்டது. சிகரெட் அப்படியல்ல. கெட்டுப்போகாது, எண்ணிக் கொடுக்கலாம், ஒன்றிரண்டாகச் சில்லறையும் ஆகும், பிடிக்காதவனும் வாங்கிக்கொள்வான். கைதியாக இருந்த பொருளியல் அறிஞர் ராட்ஃபோர்ட் 1945இல் எழுதிய கட்டுரையில் இதை அச்சு அசலாகப் பதிவு செய்திருக்கிறார். கீழே சொல்கிற விலைகளும் கடை விவரங்களும் அவர் கண்டவைதான்.

முதலில் அறிவிப்புப் பலகை வந்தது. பெயர், அறை எண், என்ன வேண்டும், என்ன தருவேன் என்று எழுதி மாட்டுவார்கள்; பேரம் முடிந்தால் அடித்துவிடுவார்கள். எல்லா விலையும் எல்லோர் கண்ணிலும் பட்டதால் ஒரே பொருளுக்கு அறைக்கு அறை வேறு விலை சொல்ல முடியாமல் போனது. பிறகு மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் லாபமில்லாத கடை ஒன்றும் வந்தது. ஆரம்ப முதல், பொதுக் கையிருப்பிலிருந்து கடனாக வாங்கிய சிகரெட். துணி துவைக்க உருப்படிக்கு இரண்டு சிகரெட் என்று கூலியும் இருந்தது.

ரொட்டி விலையைப் பாருங்கள். ஜெர்மானியர்கள் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ரொட்டி கொடுப்பார்கள்: ஒரு தடவை நான்கு நாளுக்கு, மறு தடவை மூன்று நாளுக்கு. பசி பொறுக்காதவன் முன்பே தின்று தீர்த்துவிடுவான். ஆகவே அடுத்த பங்கீட்டுக்கு முந்தின இரவு, அதாவது புதனும் ஞாயிறும், ஏழு சிகரெட்டுக்குப் போன ஒரு நாள் ரொட்டி எட்டுக்கு ஏறும். ஓர் ஆள் தவறாமல் ஒரு பங்கை மிச்சம் பிடித்து அந்த நேரத்தில்தான் விற்பானாம். வயிற்றைக் கட்டி ஒரு சிகரெட் லாபம்! பதுக்கல்காரன் என்று வைதவர்களும் இருந்திருப்பார்கள். இடைத்தரகர்களை அங்கே யாருக்கும் பிடிக்காது.

நம்மவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். முகாமில் இந்தியப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கிருந்த சீக்கியர்களுக்கு மாட்டிறைச்சி டின் பயனில்லை. உருது தெரிந்த ஒரு கைதி உள்ளே போய் அந்த டின்களை மலிவாக வாங்கி, பதிலுக்கு வெண்ணெயும் ஜாமும் கொடுத்தான். மொழிதான் அவனுடைய மூலதனம். ஆனால் விஷயம் வெளியே கசிந்து மற்றவர்களும் போட்டிக்கு வந்தவுடன் இரண்டு பக்க விலையும் நெருங்கிவிட்டது.

கள்ள நோட்டுப் பிரச்சினையும் உண்டு. தொழிற்சாலைச் சிகரெட்டை எவரும் பார்க்காமலே வாங்குவார்கள். பைப் புகையிலையைக் கையால் சுருட்டிச் சிகரெட்டாக்கிப் புழக்கத்தில் விட்டபோது நம்பிக்கை போனது. ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, மெலிந்ததைத் தள்ளினார்கள், அல்லது கூட ஒன்று கேட்டார்கள். நல்ல ரகம் புகைக்க, மட்ட ரகம் கொடுக்க என்று ஆனது. தவிர, இந்தப் பணத்தை மக்கள் கொளுத்தியும்விடுகிறார்கள். புதுச் சரக்கு வராத வாரங்களில் சிகரெட் குறையக் குறைய எல்லாப் பொருளின் விலையும் இறங்கும்; சிகரெட் வந்து இறங்கிய அன்று ஒரேயடியாக ஏறும். பக்கத்தில் குண்டு விழுந்த இரவுகளில் பதற்றத்தில் அதிகம் புகைத்ததால் விலை சரிந்ததும் உண்டு.

1944 ஆகஸ்டில் பார்சலும் சிகரெட்டும் பாதியாக வெட்டப்பட்டன. பிரான்ஸில் போர் மூண்டு மார்சேய் வழி அடைபட்ட நேரம் அது. சம்பள நோட்டைத் தவிர, உணவை ஈடாக வைத்துக் கைதிகளே வெளியிட்டிருந்த வேறொரு காகித நோட்டு, அதுவரை சிகரெட்டுக்குச் சமமாக ஓடியது, இப்போது மதிப்பிழந்தது. உங்கள் ‘சுகம்’ என்பது லிஸ்பன் கப்பலின் மறுமுனையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போது புரிந்திருக்கும்.

ஒப்பந்தத்தின் தயவு என்கிறீர்களே, அது யாருக்கு? ஜெர்மானியர் கையில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இறந்தார்கள். அதே ஜெர்மனி பிடித்த சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம். இறந்தவர்கள் சுமார் 33 லட்சம். அவர்களுக்குப் பார்சல் கிடையாது, நடுநிலை நாட்டு ஆய்வாளர் கிடையாது, பல இடங்களில் கூரையும் கிடையாது; வேலி போட்ட வெட்டவெளியில் குளிர்காலம். சோவியத் யூனியன் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பது ஜெர்மனி சொன்ன சாக்கு. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் போர் மரபுப்படி கைதியைக் கொல்ல முடியாது என்று ஜெர்மன் உளவுத்துறைத் தலைவர் கனாரிஸ் 1941 செப்டம்பரில் எழுதியே கொடுத்தார். அந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஃபீல்டு மார்ஷல் கைட்டெல் குறித்த பதில்: இந்த ஆட்சேபங்கள் பழைய வீரமரபுப் போருக்குப் பொருந்தும், இங்கே நடப்பது ஒரு கொள்கையை அழிக்கும் வேலை.