அதிவேகம் என்று யார் சொன்னது?

*ஐயா, வணக்கம். தேவிபட்டினம் பக்கம் ஒரு சிறிய உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படமும் அதன் கீழே வரும் நாலு வரியும் அனுப்புகிறேன். போன வாரம் ஒரு விபத்துப் படத்துக்கு 'அதிவேகமாக வந்த மீன் வேன் மோதி வாலிபர் பரிதாப பலி' என்று எழுதினேன். வேன் ஓட்டுநரின் மாமா வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். போலீஸ் எஃப்.ஐ.ஆரிலேயே அப்படித்தான் இருக்கிறது. நான் எழுதியதில் என்ன தவறு? ரத்தத்தை மங்கலாக்கிவிட்டால் போதுமா? இறந்தவர் பெயரைப் போடலாமா?*

அன்புள்ள தம்பி,

பெயரை வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர்ந்த பிறகு, போலீஸ் சொன்னால் போடுங்கள். ரத்தம் தெரியும் படத்தை மங்கலாக்க வேண்டாம், எடுக்கவே வேண்டாம். பைக்கின் நம்பர் பிளேட்டை வெட்டிவிடுங்கள். நம் ஊர்களில் நம்பரைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மாமா சண்டைக்கு வந்ததும் சரிதான். அந்த வேன் அதிவேகமாக வந்ததை நீங்கள் பார்த்தீர்களா? நீங்கள் போனபோது அது நசுங்கி நின்றிருக்கும். நசுங்கலைப் பார்த்து வேகம் சொல்ல நீங்கள் யார்?

தொண்டிப் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்த காலத்தில் ஒரு லாரி விபத்தை ஃபோனில் சொன்னேன். பஞ்சராகி, ஜாக்கி போட்டு, பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற லாரி. விடியும் முன் வந்த மொபெட் அதில் மோதியிருந்தது. மறுநாள் பேப்பரில் 'அதிவேகமாக வந்த லாரி மோதி' என்று வந்தது. கேட்டதற்கு, "லாரி வேறு எப்படி வரும்?" என்றார் மேசையில் இருந்தவர். ஒரு சக்கரம் இல்லாமல் அதிவேகமாக வந்த லாரி! அந்த ஓட்டுநர் செய்தியைக் கத்தரித்து லைசென்ஸோடு மடித்து வைத்திருந்தார், பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவதற்கு.

அப்படியானால் மொபெட்காரர் மேல்தான் தவறா? அதையும் எழுதக்கூடாது. லாரிக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைத்திருந்தார்களா, பின்விளக்கு எரிந்ததா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வளைவை மறைத்துச் சீமைக்கருவேலம் நிற்கும், ஆடு குறுக்கே ஓடும், மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக் கிடக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் இவற்றில் எது காரணம் என்று சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

எஃப்.ஐ.ஆர். என்கிறீர்கள். அதை முதலில் யார் சொன்னது? பல நேரம், சம்பவத்தைப் பார்க்காத ஒரு சொந்தக்காரர் கொடுத்த புகார். அதில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று வருவது, பி.என்.எஸ். என்கிற புதிய குற்றவியல் சட்டத்தின் 281, 106 பிரிவுகளில் வழக்குப் போட அந்தக் குற்றச்சாட்டு வேண்டும் என்பதால். (2024 ஜூலைக்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 279, 304ஏ.) அதன் பிறகுதான் விசாரணை அதிகாரி இடத்தின் வரைபடம் போடுகிறார், மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிறார், அப்புறம் கோர்ட். வழக்குப் பதிவானது நடந்த விஷயம், அதைத் தாராளமாக எழுதலாம்: 'வேன் ஓட்டுநர் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்துள்ளனர்.' அதிவேகம் இன்னும் நிரூபிக்கப்படாத புகார். அதை உங்கள் வாக்கியமாக எழுதக்கூடாது.

உங்கள் படத்துக்கு நான் இப்படி எழுதியிருப்பேன். நேரத்தையும் கிழமையையும் நீங்கள் சரிபார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

'தேவிபட்டினம் அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செவ்வாய்க்கிழமை காலை 5.30 மணியளவில் மீன் வேன், இருசக்கர வாகனம் தொடர்பான விபத்தில் ஒருவர் உயிரிழந்தார். காயமடைந்த மற்றொருவர் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். காரணம் குறித்துப் போலீசார் விசாரிக்கின்றனர். காலை 7 மணிக்குப் போக்குவரத்து சீரானது.'

'மோதிக்கொண்டன' என்றுகூட நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன என்று உறுதியானால் எழுதலாம். என் லாரி நின்றுகொண்டிருந்ததே! காயம் எங்கே, எவ்வளவு என்றும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இருக்கிறது, ஏனென்றால் பதறுகிறவர்களுக்குத் தேவைப்படுவது அதுதான். எண்ணிக்கையை மருத்துவமனையிலோ ஸ்டேஷனிலோ கேட்டுப் போடுங்கள். கூட்டத்தில் நிற்பவர் சொல்வது பெரும்பாலும் ஒன்று கூடுதலாகவே இருக்கும்.

'பரிதாப' வேண்டாம். செத்தது பரிதாபம் என்று ஊருக்கு நீங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். விடியற்காலையில் சாலையில் நின்று, நடுங்கும் கையோடு எழுதுகிற வேலை இது என்று எனக்குத் தெரியும். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: 'வேன் அதிவேகமாக வந்தது என்பது உறுதி செய்யப்படாத தகவல்.' மாமாவுக்கு ஒரு பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், ஆள் மூலம் அனுப்பாதீர்கள்.