மங்கு என்று கூப்பிட்டால்

அன்புள்ள ஆச்சிக்கு,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அப்பத்தா வைத்திருந்த எனாமல் பூசிய மங்குத் தூக்கில்தான் மதியச் சாப்பாடு கொண்டுபோவாள். அதைப் பார்த்துவிட்டு வேனில் வரும் நாலு பிள்ளைகள் அவளுக்கே ‘மங்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு மாதமாக இதேதான். இப்போது காலையில் வேன் சத்தம் கேட்டாலே அழுகிறாள். எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். அவளுக்குத் தைரியம் வருகிற மாதிரி கதையோ கட்டுரையோ சொல்லுங்களேன்.

— ஒரு தாய், காரைக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

தைரியம் வரவழைக்கும் கதை வேண்டாம். அந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் பிள்ளை எழுந்து நின்று ஒரு பதில் சொல்லும், கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். மறுநாள் வேனில் அப்படி நடக்காதபோது, குறை தன்னிடம்தான் என்று உங்கள் மகள் நினைத்துக்கொள்வாள்.

எலினார் எஸ்டிஸ் 1944-ல் எழுதிய ‘தி ஹன்ட்ரட் டிரஸ்ஸஸ்’ கொடுங்கள். சின்னப் புத்தகம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் முன்பு பாடமாகவே இருந்தது, பழைய பாடநூல் கிடைத்தாலும் போதும். வாண்டா என்ற ஏழைப் பெண் தினமும் ஒரே வெளிறிய நீல கவுனில் பள்ளிக்கு வருகிறாள். வீட்டில் நூறு கவுன் இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிடுகிறாள். அதிலிருந்து பெக்கி தினமும் அவளை வழியில் நிறுத்தி, ரொம்ப மரியாதையாக, எத்தனை கவுன் வைத்திருக்கிறாய் என்று கேட்பாள். அடி கிடையாது, திட்டு கிடையாது. உங்கள் வேனில் நடப்பதும் அப்படித்தான். ஓட்டுநரிடம் கேட்டால் ‘சும்மா விளையாட்டும்மா’ என்பார்.

ஆனால் கதை போவது வாண்டா வழியாக அல்ல, பெக்கியின் தோழி மேடி வழியாக. மேடிக்கு இந்தக் கேலி பிடிக்கவில்லை. அவளும் ஏழை, போட்டிருப்பதே பெக்கியின் பழைய கவுன். நிறுத்தச் சொல்லி பெக்கிக்கு ஒரு சீட்டு எழுதத் தொடங்குகிறாள், அடுத்து தன் கவுன் பக்கம் திரும்புவார்களே என்று பயந்து கிழித்துப் போடுகிறாள். நான் படித்த காலத்தில் நானும் ஒரு மேடிதான். திக்கிப் பேசும் ஒருத்தியை மற்றவர்கள் பேசிக் காட்டியபோது நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

உங்கள் மகளுக்கு இந்தக் கதை தரக்கூடியது ஒன்றுதான்: சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறவர்கள் எல்லாரும் எதிரிகள் இல்லை, பாதிப்பேர் பயந்தவர்கள் என்ற கணக்கு. குறையும் உண்டு. வாண்டா குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விடுகிறாள், அவளுக்கு என்ன வழி என்று கதை சொல்லவில்லை. அதை முன்கூட்டியே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

வழிக்குக் கட்டுரைப் பக்கம் வரவேண்டும். நார்வேயில் இருந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸின் ‘புல்லியிங் அட் ஸ்கூல்’ (1993) நீங்கள் படிக்க வேண்டிய புத்தகம், மகள் அல்ல. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்கமுடியாத இடத்தில் இருப்பவரிடம் செய்வது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அவர் அதைத் துன்புறுத்தல் என்கிறார். மூன்றாவதை மறந்துதான் பள்ளிகளில் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்கிறார்கள். சமபலம் உள்ளவர்களின் சண்டைக்கு அது சரி. நாலு பேருக்கு முன்னால் ஒருத்தியை உட்காரவைத்தால், மாலை வேனில் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தூக்கு விஷயத்துக்கும் அவரிடம் பதில் உண்டு. கண்ணாடி, உடை மாதிரியான வெளி அடையாளங்கள் நாம் நினைக்கிற அளவுக்குக் காரணம் இல்லை என்று கண்டார். டப்பாவை மாற்றினால் வேறு பெயர் வரும். மாற்றுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்.

டொராண்டோவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2001-ல் வெளியானது. பெரும்பாலான சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் கூட நின்றிருந்தார்கள், ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டபோதோ, பாதிக்கும் மேல் பத்து விநாடிக்குள் நின்றுபோனது.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வேனா வகுப்பா, யார் என்ன சொன்னது, பக்கத்தில் யார் இருந்தது. இரண்டு வாரம் போதும். ‘எப்பப் பாத்தாலும் கேலி பண்றாங்க’ என்று போய் நின்றால் வகுப்பாசிரியர் தலையாட்டி அனுப்பிவிடுவார். பத்து தேதிகளோடு போய், வேனில் இடம் மாற்றுங்கள், அந்த நாலு பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள் என்று கேளுங்கள். இதற்கிடையில் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தாலோ, ‘நான் இல்லாமலே போயிடலாம்’ என்ற பேச்சு வந்தாலோ, நோட்டு முடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் பேசலாம்.

நோட்டில் ‘பக்கத்தில் யார் இருந்தது’ என்று எழுதச் சொன்னேன் பாருங்கள், அதில் ஒரு பெயர் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப வரும். அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று விசாரியுங்கள்.