விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது? பள்ளிப் பிள்ளைகளின் மாலைப் பொழுது: கேள்வி பதில்

இருபத்தொன்பது ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் முக்கால்வாசி, பள்ளி விட்டு வந்ததிலிருந்து படுக்கைக்குப் போகும் வரையுள்ள நேரத்தைப் பற்றியவை. அதனால் அங்கேயே நிற்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு தாய்: டீச்சர், என் மகன் ஏழாம் வகுப்பு. காலை 7.25க்கு வேன், மாலை 4.40க்கு வீடு. 5.30 முதல் 7.30 வரை வாரம் ஐந்து நாளும் டியூஷன். அதன்பிறகு சாப்பாடு, வீட்டுப்பாடம். படுக்க 10.45 ஆகிறது. காலை 6 மணிக்கு எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. விளையாட்டு என்பதே இல்லை. எங்கே திருத்துவது?

முதலில் ஒரு கணக்கு. 10.45க்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தால் ஏழேகால் மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. குறைந்தபட்சமான 9 மணியை வைத்துப் பார்த்தாலும் தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் குறைகிறது. ஐந்து நாளில் எட்டே முக்கால் மணி. அதாவது வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு முழு இரவு அவன் தூங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் தானாக எழுகிறான் என்று பாருங்கள். எட்டரை, ஒன்பது என்றால் அது சோம்பல் அன்று, பாக்கி வசூல்.

அட்டவணை போடும்போது எல்லோரும் காலையிலிருந்து தொடங்குவார்கள். தூக்கம் கடைசியில் மிஞ்சியதைத் தின்னும். நீங்கள் வேன் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். பையை அடுக்குவது, சீருடையை எடுத்து வைப்பது, ஷூ தேடுவது ஆகியவற்றை இரவுக்கு மாற்றினால் காலையில் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்ப ஒரு மணி ஐந்து நிமிடம் போதும். எழும் நேரம் 6.20. விளக்கை அணைக்கும் நேரம் 9.15. இந்த இரண்டையும் ஆணி அடித்த பிறகுதான் நடுவில் உள்ளதைப் பேச வேண்டும்.

நடுவில் இருப்பது 4.40 முதல் 9.15 வரை, நாலரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். வந்ததும் கைகால் கழுவி எதையாவது கொறித்துவிட்டு, 5 மணிக்குள் வெளியே போகட்டும். விளையாட்டை டியூஷனுக்குப் பிறகு வைக்காதீர்கள். சென்னைப் பக்கம் ஜூன் மாதத்தில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நவம்பர் கடைசியில் 5.40க்கே சூரியன் மறைந்துவிடும். 7.30க்குப் பிறகு வைத்த விளையாட்டு எந்த மாதத்திலும் வெளிச்சத்தில் நடக்காது. டியூஷனை 6 முதல் 7.30 ஆக்கி, வாரம் மூன்று நாளாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். 7.40க்குச் சாப்பாடு, 8.10 முதல் 8.50 வரை மிச்ச வீட்டுப்பாடம், பிறகு பை. டியூஷன் இல்லாத இரண்டு நாளும் வீட்டுப்பாடத்தை 6 மணிக்கே தொடங்கினால் இரவு முழுவதும் அவனுடையது.

10.45லிருந்து ஒரே நாளில் 9.15க்குத் தாவாதீர்கள், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான், மூன்றாம் நாள் நீங்களே விட்டுவிடுவீர்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். பதினெட்டு நாளில் வந்து சேரும்.

சேலத்திலிருந்து ஒரு தந்தை: அப்படியானால் டியூஷனை நிறுத்திவிடச் சொல்கிறீர்கள். அவன் கணக்கில் தோற்றால் யார் பொறுப்பு?

நிறுத்தச் சொல்லவில்லை. டியூஷனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். பள்ளி வீட்டுப்பாடத்தை அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டால் அந்த நேரம் வீணில்லை. அங்கே தனியாக வேறொரு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினால் பிள்ளைக்கு இரண்டு பள்ளிக்கூடம். கணக்கில் மட்டும்தான் தடுமாற்றம் என்றால் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து அனுப்பினால் கட்டணம் கொஞ்சம் மலிவு என்பது எனக்கும் தெரியும். அந்த மலிவுக்குத்தான் தூக்கத்தை விற்கிறோம்.

திருநெல்வேலியிலிருந்து டியூஷன் நடத்தும் ஒருவர்: குறை எங்கள் மேல் விழுகிறது, அம்மா. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ‘நாங்கள் வரும்வரை உட்கார வையுங்கள்’ என்று அவர்கள்தான் கேட்கிறார்கள். பாடம் முக்கால் மணியில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு நான் என்ன செய்வது?

நீங்கள் சொல்வது நியாயம். பல வீடுகளில் டியூஷன் என்பது பாடத்தைவிடப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதை மறைக்காமல் பெற்றோரிடம் பேசிவிட்டால் வழி பிறக்கும். முதல் அரை மணி வாசலிலோ மொட்டை மாடியிலோ விளையாட விடுங்கள், பிறகு பாடம். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்க வேண்டும், நீங்களும் கூட நிற்க வேண்டும். தனி வீட்டுப்பாடம் மட்டும் வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாத்தா: நாங்கள் எல்லாம் நாலரை மணிக்கு எழுந்து படித்தவர்கள். அதிகாலையில் படித்தது கல்லில் எழுத்து. பேரனையும் அப்படியே பழக்கலாம் அல்லவா?

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. விடியலில் வீடு அமைதியாக இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? எட்டரைக்குள் ஊரே அடங்கியிருக்கும். நாலரைக்கு எழுப்புவதென்றால் பேரன் ஏழரைக்குப் படுக்க வேண்டும். பத்தரைக்குப் படுத்தவனை நாலரைக்கு எழுப்பினால் புத்தகம் திறந்திருக்கும், கண் திறந்திருக்காது. பகலில் படித்தது மனத்தில் நிலைபெறுவதே தூங்கும்போதுதான். தூக்கத்தை வெட்டிப் படிப்பது, பால் காய்ச்சிவிட்டு உறை ஊற்றாமல் தயிருக்குக் காத்திருப்பது போல.

கோவையிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி: மேடம், எனக்கு 11.30க்கு முன் தூக்கமே வராது. அம்மா ஃபோனைக் குறை சொல்கிறார். காலை 7.30க்குச் சிறப்பு வகுப்பு, 6 மணிக்கு எழ வேண்டும். நான் என்ன செய்யட்டும்?

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அம்மா பக்கமும் இருக்கிறது. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னே தள்ளிப்போகும்; சின்ன வயதில் ஒன்பதுக்கே சொக்கிய கண் இப்போது பத்தரை வரை முழித்திருக்கும். அது உன் தவறில்லை. அதற்கு மேலே உள்ள ஒரு மணி நேரத்தில்தான் ஃபோன் வெளிச்சத்துக்குப் பங்கு. உனக்கு வேண்டியது 8 மணி நேரம், கிடைப்பது ஆறரை.

மாலை 4 மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். படிக்க விழிப்பதற்காக இரவு ஒன்பதுக்குக் குடிக்கும் டீ, படித்து முடித்த பிறகும் உன்னை விடாது. பள்ளி விட்டு வந்து ஒன்றரை மணி நேரம் தூங்குகிறாயா? அதை 20 நிமிடமாக்கு, அதுவும் ஐந்து மணிக்குள். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் வெயில் படும்படி வாசலில் நில். கடிகாரம் கொஞ்சம் முன்னே வரும். இவ்வளவு செய்தாலும் 10.30க்குத் தூங்கி 6 மணிக்கு எழலாம்; ஏழரை மணி நேரம். மீதி அரை மணி அந்தச் சிறப்பு வகுப்பிடம் இருக்கிறது. அதை உன்னால் நகர்த்த முடியாது, என்னாலும் முடியவில்லை. பணியில் இருந்தபோது பேசிப் பார்த்துத் தோற்றவள் நான்.

மதுரையிலிருந்து ஒரு தாய்: ஆறாம் வகுப்பு மகளுக்கு வீட்டுப்பாடமே இரண்டு மணி நேரம் ஆகிறது. மெதுவாக எழுதுகிறாளா, பள்ளி அதிகம் கொடுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நோட்டைப் புரட்டுங்கள். முதல் இரண்டு கணக்கில் எண்கள் கோட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும். ஆறாவது கணக்கில் ஏழு ஒன்றாகத் தெரியும், சமக்குறி கோணலாகும். பத்தாவதில் வரி கீழே சரிந்திருக்கும். சரிவு தொடங்கும் இடம்தான் அவளுடைய எல்லை. அதற்கு மேல் எழுதியது கைக்கு வேலை, மூளைக்கு இல்லை. இருபது கணக்கு கொடுத்துவிட்டு மறுநாள் அந்தச் சரிவுகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தவள் நான். பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் எட்டாகக் குறைத்தேன்.

மூன்று நாள் மட்டும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் எழுந்த தடவை ஆகியவற்றைக் குறியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போகிறாள் என்றால் குறை வேறு இடத்தில்: பசி, தொலைக்காட்சிச் சத்தம், புரியாத பாடம். எழாமலே இரண்டு மணி நேரம் என்றால் பாரம் அதிகம். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வேண்டவே வேண்டாம் என்கிறது. ஒரு மணி ஆனதும் புத்தகத்தை மூடச் சொல்லி, டைரியில் ‘ஒரு மணி நேரம் செய்தாள், மிச்சம் முடியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலோருக்கு வீட்டில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே தெரியாது.

ஓசூரிலிருந்து ஒரு தந்தை: வேலை முடிந்து வீட்டுக்கு வர 9.30 ஆகிவிடுகிறது. என்னைப் பார்க்காமல் தூங்க மாட்டேன் என்று எட்டு வயது மகள் விழித்திருக்கிறாள். 9 மணிக்குத் தூங்க வைத்தால் வாரம் முழுக்க என் முகமே பார்க்க மாட்டாள்.

இதற்கு நேர்த்தியான விடை என்னிடம் இல்லை. காலை அரை மணி நேரத்தை உங்களுடையதாக்கிப் பாருங்கள்: தலை வாரிவிடுவது, இட்லி ஊட்டுவது, வேன் வரும்வரை தெருமுனையில் கூட நிற்பது. வாரத்தில் ஒரு நாள் அவள் விழித்திருக்கட்டும், எந்த நாள் என்று அவளே சொல்லட்டும்.

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்: வண்ண அட்டையில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு அழகாக ஒட்டினேன். மூன்றாம் நாளே மகன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டால் ரயில் நிலையத்தைத்தான் நடத்த முடியும். அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று நேரம் மட்டும் எழுதுங்கள்: விளையாடப் போவது, புத்தகத்தை மூடுவது, விளக்கை அணைப்பது. முதலாவதை அவன் கையால் எழுதட்டும். இருட்டுவது மாறுவதால், ஐப்பசியில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை அதை மட்டும் அழித்து எழுதினால் போதும். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.