கீழக்கரை வீடு, வெளிநாட்டில் இரண்டு விற்பவர்கள்: டிடிஎஸ் யார் பிடிப்பது, எவ்வளவு?

கேள்வி: கீழக்கரையில் ஒரு பழைய வீட்டை 60 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறேன். விற்பவர்களின் வாப்பா காலமானபின் மூன்று பிள்ளைகளுக்கு வந்த வீடு. அண்ணன் சிங்கப்பூரில், தம்பி மலேசியாவில், தங்கை ஊரிலேயே. ஷரீஅத் பாகப்படி ஆண்களுக்கு 2 பங்கு வீதம், தங்கைக்கு 1 பங்கு. செப்டம்பரில் 5 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். 2025 அக்டோபரில் பத்திரம். அண்ணன் தம்பி சார்பில் தங்கையின் கணவர் பவர் வைத்துக் கையெழுத்துப் போடுவார். பத்திரம் எழுதுபவர் 1 சதவீதம் டிடிஎஸ் போதும் என்கிறார். அண்ணனோ, "வரி என் தலைவலி, நான் கட்டிக்கொள்கிறேன், முழுசாகக் கொடுங்கள்" என்கிறார். அப்படியே செய்யலாமா? – வாசகர், இராமநாதபுரம்

பதில்: செய்யாதீர்கள். 1 சதவீதம் என்பது தங்கையின் பங்குக்கு மட்டும்தான் பொருந்தும். அண்ணன், தம்பி பங்குக்கு நீங்கள் 13 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அந்தப் பொறுப்பைச் சட்டம் உங்கள் மேல்தான் வைத்திருக்கிறது. "நான் கட்டிக்கொள்கிறேன்" என்று அண்ணன் எழுதிக் கொடுத்தாலும் அது உங்களை விட்டுப் போகாது.

உங்கள் ஊரில் பலரும் தடுக்கி விழும் இடம் பவர்தான். கையெழுத்துப் போடுபவர் கீழக்கரையில் இருக்கிறார், ஆதார் இருக்கிறது, ஆகவே இது உள்ளூர் விற்பனை என்று நினைத்துவிடுகிறார்கள். பவர் வைத்திருப்பவர் முகவர் மட்டுமே. விற்பவர் பவர் கொடுத்தவர். அவர் அந்த நிதியாண்டில் எங்கே வசிக்கிறார் என்பதுதான் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பதும் இதை மாற்றாது: வேலைக்காக வெளிநாட்டில் இருக்கும் இந்தியர், ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே தங்கினால் பொதுவாக என்ஆர்ஐதான். அங்கிருந்து எழுதி அனுப்பிய பவர் என்றால் அதில் பெரும்பாலும் தூதரக முத்திரையும் வெளிநாட்டு முகவரியும் இருக்கும். அந்தப் பவரை வைத்துப் பத்திரம் பதிந்த பிறகு, அவர் வெளிநாட்டில் இருப்பது எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஊரில் வசிப்பவர் விற்றால் பொருந்துவது 194-IA பிரிவு. விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீதம். இந்த 50 லட்சத்தை ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை; 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் தங்கையின் பங்கு 12 லட்சம்தான் என்றாலும் 12,000 ரூபாய் பிடித்தாக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பொருந்துவது 195 பிரிவு. அதில் 50 லட்சம் என்ற வரம்பே இல்லை. 5 லட்சம் ரூபாய் மனையானாலும் பிடித்தம் உண்டு. வாங்குபவர் கம்பெனியா, சம்பளக்காரரா, மீன் வியாபாரியா என்ற வேறுபாடும் இல்லை.

ஏன் வாங்குபவர் தலையில் கட்டினார்கள்? விற்ற பணம் வெளிநாடு போனபின், அங்கே இருக்கும் ஒருவரிடம் போய் வரியை வசூலிப்பது துறைக்கு மிகவும் கடினம். இங்கே அவருக்கு இருந்த ஒரே சொத்தும் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது. பணம் கைமாறும் அந்த ஒரு தருணத்தில்தான் வரியைப் பிடிக்க முடியும். அப்போது பணம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் பிடிக்கத் தவறியவரையே, தானே வரி பாக்கி வைத்தவரைப் போல, 201 பிரிவு நடத்துகிறது.

இப்போது உங்கள் கணக்கு. 60 லட்சத்தை ஐந்து பாகமாக்கினால் அண்ணனுக்கு 24 லட்சம், தம்பிக்கு 24 லட்சம், தங்கைக்கு 12 லட்சம். மரபுரிமையாக வந்த சொத்தில் வாப்பா வைத்திருந்த காலமும் சேர்த்து எண்ணப்படும். ஆகவே அவர் போன வருடம்தான் காலமானார் என்றாலும், 24 மாதத்தைத் தாண்டிய இந்த வீட்டில் கிடைப்பது நீண்டகால மூலதன ஆதாயம். அதற்கு வரி 12.5 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். சேர்த்தால் 13 சதவீதம். அண்ணன் பங்கில் வரி 3,00,000, செஸ் 12,000, ஆக 3,12,000 ரூபாய். தம்பிக்கும் அதே. தங்கைக்கு 12,000. மொத்தப் பிடித்தம் 6,36,000 ரூபாய். ஒருவரின் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். இங்கே ஒவ்வொருவர் பங்கும் அதற்குக் கீழே இருப்பதால், அவர்களுக்கு இங்கே வேறு பெரிய வருமானம் இல்லை என்றால் அந்தப் பேச்சு இல்லை. இருவரின் பானும் பத்திரத்தில் சரியாக இருக்கட்டும். பான் இல்லாவிட்டால் விகிதம் 20 சதவீதத்துக்குப் போகும்.

"லாபத்துக்குத்தானே வரி, முழு விலையில் ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று அண்ணன் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் லாபம் எவ்வளவு என்று நிர்ணயிப்பது உங்கள் வேலை இல்லை. அவர் சொல்லும் கணக்கை நம்பிக் குறைத்துப் பிடித்து, பின்னால் அதிகாரி அதை ஏற்காவிட்டால் வித்தியாசம் உங்களிடம்தான் வரும். குறைக்க வேண்டுமானால் முறையான வழி 197 பிரிவுச் சான்று. விற்பவர் படிவம் 13ஐ இணையத்தில் கொடுத்து, தன் லாபக் கணக்கைக் காட்டி, இவ்வளவுதான் பிடிக்க வேண்டும் என்று அதிகாரியிடமிருந்து வாங்கி வர வேண்டும். அந்தச் சான்றில் உங்கள் டான் எண், அதாவது வரி பிடிப்பவருக்குத் துறை தரும் எண், இருக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு அது பொருந்தாது. ஒரு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் அந்த அலைச்சல் வேண்டுமா என்று பார்ப்போம். 2001 ஏப்ரல் 1 அன்று வீட்டின் மதிப்பு 10 லட்சம் என்று மதிப்பீட்டாளர் சான்று தருகிறார் என்று கொள்வோம். அதற்கு முன் வாங்கிய வீட்டுக்கு அந்த மதிப்பையே அடக்கவிலையாக எடுக்கலாம். அண்ணன் பங்குக்கு அடக்கவிலை 4 லட்சம், லாபம் 20 லட்சம், வரி 2,60,000. நீங்கள் பிடிப்பது 3,12,000. கூடுதலாகப் போனது 52,000 ரூபாய். கணக்குத் தாக்கல் செய்தால் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்கவிலையை உயர்த்தும் சலுகை 2024 ஜூலை 23 முதல் என்ஆர்ஐக்கு இல்லை. அதனால் பழைய வீடுகளில் லாபமும் விலையும் அதிகம் விலகுவதில்லை. இந்த 52,000 ரூபாய்க்காகப் பத்திரத்தைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விற்பவர் அண்மையில் பெரிய விலைக்கு வாங்கியவர், அல்லது இந்தப் பணத்தில் இந்தியாவிலேயே இன்னொரு வீடு வாங்கி 54 பிரிவு விலக்குக் கேட்கப் போகிறவர் என்றால் சான்று வாங்குவது கட்டாயம் பலன் தரும்.

வளைகுடாவில் இருப்பவர் விற்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. தனிநபர் வருமான வரியே இல்லாத நாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனின் இந்திய வருமானம், இந்த விற்பனை ஆதாயத்தையும் சேர்த்து, 15 லட்சத்தைத் தாண்டினால், அவரை இங்கே வசிப்பவராகவே கருதும் விதி ஒன்று இருக்கிறது. அதை வைத்து 1 சதவீதம் போதும் என்று வாதிடுவார்கள். அதைத் தீர்மானிப்பவராக நீங்கள் இருக்காதீர்கள். அவர் சான்று கொண்டு வரட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் டான் எண். வருமான வரிக்கு உங்களிடம் பான் இருந்தாலும் 195 பிரிவுப் பிடித்தத்துக்கு டான் வேண்டும். படிவம் 49B மூலம் விண்ணப்பித்தால் சில நாளில் வந்துவிடும். மனைவி பெயரையும் சேர்த்து வாங்கினால் அவருக்கும் தனி டான். இதைத் தள்ளிப்போட்டு, பத்திரத்துக்கு முதல் நாள் ஓடுகிறவர்கள்தான் கடைசியில் டான் கேட்காத 26QB படிவத்திலேயே எல்லாவற்றையும் கட்டிவிடுகிறார்கள். 26QB தங்கைக்கு மட்டும். அண்ணன், தம்பி பணத்தை அதில் கட்டினால் அது 194-IA கணக்கில் போய்ச் சேரும்; 195 பிரிவுக் கடமை அப்படியே நிற்கும்.

டான் வந்ததும் அதை incometax.gov.in தளத்தில் பதிந்து, e-Pay Tax பகுதியில் டிடிஎஸ் செலுத்தும் இடத்தில் 195 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். வரியையும் செஸ்ஸையும் அதனதன் கட்டத்தில் பிரித்துப் போடுங்கள். அக்டோபரில் பிடித்தது நவம்பர் 7க்குள் கட்டப்பட வேண்டும். பிறகு அந்தக் காலாண்டுக்கு 27Q கணக்கு, 2026 ஜனவரி 31க்குள். அதில் இருவரின் வெளிநாட்டு முகவரி, நாடு, பான் எல்லாம் கேட்கும். இப்போதே வாங்கி வையுங்கள். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம்.

முன்பணத்திலும் பிடித்திருக்க வேண்டும். பணம் கொடுத்த அன்றே கடமை தொடங்கிவிட்டது. 5 லட்சத்தில் அண்ணன், தம்பி பங்கு தலைக்கு 2 லட்சம், அதில் பிடிக்க வேண்டியது இருவருக்கும் சேர்த்து 52,000 ரூபாய். அதை அக்டோபரில் மீதித் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. செப்டம்பர், அக்டோபர் என்று 2 மாதம் எண்ணுவார்கள், 1,040 ரூபாய். இது உங்கள் கையிலிருந்து போக வேண்டியது. பிடித்த பிறகு கட்டாமல் வைத்திருந்தால் வட்டி மாதம் 1.5 சதவீதம்.

பத்திரம் எழுதுபவர் சொன்னபடி 1 சதவீதத்தோடு விட்டால் என்ன ஆகும்? 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. அண்ணன் இந்தப் பணத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் போனாலும் வங்கி வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான 15CA படிவம் கேட்கும், ஆடிட்டர் அதற்கான 15CB சான்று தருவதற்கு முன் டிடிஎஸ் ஆதாரம் கேட்பார். 2 வருடம் கழித்து நோட்டீஸ் வந்தால், 6,24,000 ரூபாயோடு மாதம் 6,240 வீதம் வட்டியும், பிடிக்காத வரிக்குச் சமமான அளவு வரை அபராதமும் கேட்கலாம். அண்ணனும் தம்பியும் தாங்களே கணக்குக் காட்டி வரி கட்டியிருந்தால், ஆடிட்டர் சான்றோடு படிவம் 26A கொடுத்து அசலிலிருந்து தப்பலாம், வட்டி மிஞ்சும். அவர்கள் கட்டினார்களா என்பது உங்கள் கையில் இல்லாத விஷயம்.

பத்திரத்தில் விலை 60 லட்சம் என்று எழுதி, ஒவ்வொருவர் பங்கு, பிடித்த வரி, கொடுத்த நிகரத் தொகை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அண்ணன், தம்பியின் பணத்தை என்ஆர்ஐகள் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் அவரவர் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தங்கையின் கணவர் கணக்குக்கு வேண்டாம். 27Q தாக்கலானபின், வரி பிடித்ததைக் காட்டும் 16A சான்றைப் பதிவிறக்கி 2026 பிப்ரவரி 15க்குள் இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கூடுதலாகப் போன 52,000 ரூபாயை அவரவர் திரும்பக் கேட்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.